அண்ணாச்சி கடையின் ஐம்பது நாள்: சரக்குச் சுழற்சியைக் குழு வாரியாகக் கணக்கிடுவது எப்படி?

விருதுநகர்ப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் உள்ள ஹார்டுவேர் கடை அது. சிமென்ட், பெயின்ட், பி.வி.சி. குழாய், குளியலறைச் சாமான் என்று நான்கு வகைச் சரக்கு. மாதத்தில் இரண்டு நாள் போய் நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் ஒன்று. 2024-25ஆம் ஆண்டுக் கணக்கை முடித்த அன்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, வருஷத்துக்கு ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் வியாபாரம் ஓடுகிறது. நஷ்டமும் இல்லை என்கிறீர்கள். அப்புறம் ஏன் வங்கியில் ஓ.டி. கடன் குறையவே மாட்டேன் என்கிறது?"

மொத்தக் கணக்கில் பதில் இல்லை. விற்ற சரக்கின் அடக்க விலை 172.65 லட்சம், ஆண்டு முழுவதும் சராசரியாகக் கடையில் நின்ற சரக்கு 23.70 லட்சம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 7.28. சரக்கில் போட்ட பணம் ஆண்டுக்கு ஏழு தடவைக்கு மேல் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். 365ஐ அந்த 7.28ஆல் வகுத்தால் 50. சராசரியாக ஐம்பது நாளில் சரக்கு விற்றுப் போகிறது. ஹார்டுவேர் கடைக்கு இது ஒன்றும் மோசமில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கடையில் ஐம்பது நாள் நிற்கிற சரக்கு என்று ஒன்றுமே கிடையாது. ஒன்பது நாளில் போவது இருக்கிறது. இருநூற்றைம்பது நாள் நிற்பதும் இருக்கிறது. இரண்டையும் கலந்தால் ஐம்பது வருகிறது, அவ்வளவுதான்.

அதைப் பிரித்துப் பார்த்த வழியை வரிசையாகச் சொல்கிறேன். பின்தொடர வசதியாக எண்களைக் கொஞ்சம் முழுதாக்கியிருக்கிறேன்.

முதலில் குழு பிரியுங்கள்

அலமாரியைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். எப்படி வாங்குகிறோம், எவ்வளவு வேகமாக விற்கிறோம் என்பதைப் பார்த்துப் பிரியுங்கள். லாரி லோடாக வந்து பத்து நாளில் தீரும் சிமென்ட் ஒரு குழு. பண்டிகையை ஒட்டி ஏறி இறங்கும் பெயின்ட் ஒரு குழு. குழாயும் அதன் எல்போ, டீ, கப்ளிங் வகையறாவும் ஒரு குழு. குழாய்த் திருகு, ஷவர், வாஷ்பேசின் எல்லாம் குளியலறைச் சாமான். நான்கைந்து குழு போதும். முதல் தடவையே இருபது குழு வைத்தால் மூன்றாம் மாதம் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பொருளும் சரியான Stock Groupக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவசரத்தில் பொருளை உருவாக்கியவர் குழு எதையும் தேர்ந்தெடுக்காமல் Primary என்று விட்டிருப்பார். இந்தக் கடையில் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு அப்படி ஊர் பேர் இல்லாமல் கிடந்தது.

விற்ற சரக்கின் அடக்க விலை

சூத்திரம் எளிது: தொடக்க இருப்பு, அதனுடன் கொள்முதல், அதிலிருந்து இறுதி இருப்பைக் கழிக்க வேண்டும். சிக்கல் முழுவதும் கொள்முதல் என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. பெயின்டை எடுத்துக்கொள்வோம்.

ஆண்டு முழுவதும் வந்த பில்களின் தொகை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 38.10 லட்சம். லாரி வாடகை, இறக்குகூலி 30 ஆயிரம். இது சரக்கின் அடக்கத்தில் சேர வேண்டும். கம்பெனி பிறகு கிரெடிட் நோட்டாகத் தந்த தள்ளுபடி 1.50 லட்சம், இது கழிய வேண்டும். ஆக உண்மையான கொள்முதல் 36.90 லட்சம். தொடக்க இருப்பு 5.20, இறுதி இருப்பு 5.60. எனவே விற்ற பெயின்டின் அடக்கம் 36.50 லட்சம்.

ஜி.எஸ்.டி.யை ஏன் விட்டோம்? அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், ஆகவே அது சரக்கின் விலை அல்ல. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் வரியையும் அடக்கத்தில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

புதிதாகக் கணக்குப் பார்க்க வருகிறவர்கள் அதிகம் இடறும் இடம் ஒன்று உண்டு. அடக்கத்துக்குப் பதிலாக விற்பனைத் தொகையைப் போட்டுவிடுவார்கள். டேலியின் Stock Summary பக்கத்தில் Outwards என்ற நிரலில் தெரியும் ரூபாய் விற்ற விலைதான், அடக்கம் அல்ல. அந்தப் பக்கத்தில் F12 அழுத்தி, Show Consumption என்பதை Yes என மாற்றினால் அடக்கம் தனி நிரலில் வரும். அதைத்தான் எடுக்க வேண்டும். இந்தத் தவறு எல்லாக் குழுவையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை என்பதுதான் ஆபத்து. லாபம் அதிகம் வைத்து விற்கிற குழுவில்தான் பிழையும் அதிகம். குளியலறைச் சாமானில் அடக்கத்தின் மேல் 30 சதவீதம் வைக்கிறார்கள். விற்பனைத் தொகையைப் போட்டால் 192 நாள் என்று வரும். உண்மையில் 250 நாள். மிக மெதுவாக நகரும் சரக்குக்குத்தான் இந்தப் பிழை மிக நல்ல பெயர் வாங்கித் தருகிறது.

சராசரி இருப்பு

பாடப்புத்தகத்தில் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொல்லியிருப்பார்கள். தேர்வுக்கு அது போதும், கடைக்குப் போதாது. பெயின்டில் மார்ச் 31 அன்று 5.20, அடுத்த மார்ச் 31 அன்று 5.60. சராசரி 5.40 லட்சம், அதாவது 54 நாள். அழகான எண்.

ஆனால் மார்ச் மாதம் பெயின்டுக்குச் சாந்தமான மாதம். தீபாவளிக்காகச் செப்டம்பர் முடிவில் 15 லட்சத்துக்குச் சரக்கு நின்றது. அது வடிந்து, பொங்கலுக்காக மறுபடி ஏறி, டிசம்பர் முடிவில் 16 லட்சம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பருவம் முழுவதும் நம் சூத்திரத்தின் கண்ணில் படவே இல்லை. போன மார்ச் இறுதி தொடங்கி இந்த மார்ச் இறுதி வரை பதின்மூன்று மாத முடிவுகளையும் கூட்டினேன்: 117 லட்சம். பதின்மூன்றால் வகுத்தால் 9 லட்சம். நாள் கணக்கு 90. ஒரே குழு, ஒரே ஆண்டு, 54க்கும் 90க்கும் இடையே முப்பத்தாறு நாள் வித்தியாசம்.

மாத முடிவு இருப்பைக் குழு வாரியாக எடுக்க Stock Summaryயில் Alt+N அழுத்தி மாதவாரி நிரல்களைக் கேட்கலாம். இன்னொரு குறுக்கு வழி பலருக்குத் தோன்றும்: ஓ.டி.க்காக வங்கிக்கு மாதந்தோறும் கொடுக்கிற சரக்குப் பட்டியல்தான் கையில் இருக்கிறதே என்று. அதைத் தொடாதீர்கள். அந்தப் பட்டியல் எதைக் காட்ட எழுதப்பட்டது என்பது எழுதியவருக்குத் தெரியும்.

எண்கள் கிடைத்த பிறகு மிச்சம் மூன்று கட்டம்தான். எக்செல்லில் B முதல் N வரை பதின்மூன்று மாத முடிவு இருப்பு, O நிரலில் ஆண்டின் அடக்கம் என்று வைத்தால், P, Q, R நிரல்களில் முறையே சராசரி, சுழற்சி, நாட்கள் இப்படி வரும்:

```
P2: =AVERAGE(B2:N2)
Q2: =O2/P2
R2: =365/Q2
```

மூன்று மாதத்துக்கு மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் 365ஐ மாற்றி அந்த மாதங்களின் நாட்களைப் போடுங்கள். மூன்று மாத அடக்கத்தை ஆண்டின் நாட்களோடு சேர்த்துவிட்டு, சரக்கு நான்கு மடங்கு தேங்கிவிட்டதாகப் பயந்த ஒருவரை எனக்குத் தெரியும். அது நான்தான்.

அண்ணாச்சி பார்த்த பட்டியல்

| குழு | அடக்கம் (லட்சம்) | சராசரி இருப்பு (லட்சம்) | சுழற்சி | நாட்கள் |
|---|---|---|---|---|
| சிமென்ட் | 96.00 | 2.40 | 40.0 | 9 |
| பெயின்ட் | 36.50 | 9.00 | 4.1 | 90 |
| குழாய் வகை | 29.20 | 4.80 | 6.1 | 60 |
| குளியலறைச் சாமான் | 10.95 | 7.50 | 1.5 | 250 |

விற்பனையில் பாதிக்கு மேல் சிமென்ட். அதில் முடங்கும் பணமோ பத்தில் ஒரு பங்குதான். அந்த வேகம்தான் மொத்தக் கணக்கை ஐம்பது நாளுக்கு இறக்கிக் காட்டியது. பணம் உட்கார்ந்திருக்கும் இடம் பெயின்டும் குளியலறைச் சாமானும்.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "சிமென்டில் நூற்றுக்கு மூன்று ரூபாய் நிற்கிறது. குளியலறைச் சாமானில் முப்பது நிற்கிறது. எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. நாளை மட்டும் பார்த்து எதையும் தீர்மானிக்கக் கூடாது, லாபத்தையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். வைத்தோம். சிமென்டின் ஆண்டு லாபம் 2.88 லட்சம், அதில் நிற்கும் பணம் 2.40 லட்சம். சரக்கில் போட்ட ஒரு ரூபாய் ஆண்டில் 1 ரூபாய் 20 காசு ஈட்டியிருக்கிறது. குளியலறைச் சாமானின் லாபம் ஏறக்குறைய 3.29 லட்சம், நிற்கும் பணம் 7.50 லட்சம். ஒரு ரூபாய் ஈட்டியது 44 காசு. அதிலும் ஓ.டி. வட்டி 12 சதவீதம் என்றால் 12 காசு போய்விடும்.

இதற்காகச் சிமென்டைத் தூக்கி வைத்துப் பேசவும் நான் தயாரில்லை. மேஸ்திரிகளுக்குக் கடனாகக் கொடுத்த சிமென்டின் பணம் வர நாற்பது நாள் ஆகிறது. சரக்கு ஒன்பது நாளில் வெளியே போய்விட்டது என்பதால் பணம் உள்ளே வந்துவிட்டதாக ஆகாது. அந்தத் தாமதம் இந்தக் கணக்கில் தெரியாது. கடன் பாக்கிக்குத் தனியாக ஒரு நாள் கணக்கு போட வேண்டும்.

250 நாள் என்ற எண்ணை உடைத்துப் பாருங்கள்

குழுவின் சராசரியும் மொத்தச் சராசரியைப் போலவே பொய் சொல்லும், கொஞ்சம் குறைவாக. எந்தக் குழு மோசமாகத் தெரிகிறதோ அதை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பொருளும் கடைசியாக எந்தத் தேதியில் விற்றது என்று எழுதுங்கள். மார்ச் 31 அன்று குளியலறைச் சாமான் 7.80 லட்சத்துக்கு இருந்தது. அதில் கடந்த மூன்று மாதத்துக்குள் விற்பனை கண்ட பொருட்கள் 2.60 லட்சம். மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை விற்காதவை 2.90 லட்சம். ஓராண்டாக ஒன்றுகூட விற்காதவை 2.30 லட்சம்.

முதல் பகுதிதான் ஆண்டின் 10.95 லட்சத்தில் 8.90 லட்சத்தைச் சுமந்திருக்கிறது. அதன் நாள் கணக்கு 107தான் வருகிறது. ஆக 250 நாள் என்பது அந்த அலமாரியில் இருக்கும் எந்தப் பொருளின் வயதும் அல்ல. ஒருபுறம் நன்றாக ஓடும் சாதா டேப், ஹெல்த் ஃபாசெட். மறுபுறம் இளநீலத்திலும் இளஞ்சிவப்பிலும் வாஷ்பேசின்கள். எல்லாரும் வெள்ளைக்கு மாறிய பிறகும் அவை மேல் தட்டில் அட்டைப் பெட்டியோடு இருக்கின்றன.

இந்த இடத்தில் உற்சாகமாகிக் குழாய் அலமாரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அங்கேயும் ஆறு மாதம் விற்காத பொருட்கள் இருக்கும்: நான்கு அங்குலப் பெண்ட், ஒன்றேகால் அங்குல ரெட்யூசர். அவற்றின் மொத்த மதிப்பு சில ஆயிரம். பிளம்பர் நாற்பது பொருள் எழுதிய சீட்டோடு வருகிறார். அதில் ஒரு ரெட்யூசர் இல்லையென்றால் சீட்டோடு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அது நிற்பதுதான் அதன் வேலை. ஒரு பொருளை வெட்டுவதற்கு முன், அது எந்தப் பில்களில் வேறு எந்தப் பொருட்களோடு விற்றது என்று பாருங்கள்.

எத்தனை நாள் சரி?

ஊர் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் சரக்கு வரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆர்டர் கொடுக்கிறோம், தாமதமானால் சமாளிக்க எத்தனை நாள் வேண்டும் என்று மூன்றையும் கூட்டினால் கையில் இருக்க வேண்டிய உச்ச அளவு வரும். சிமென்டுக்கு மூட்டையே ஒரு எல்லை போடுகிறது. தயாரித்த வாரமும் ஆண்டும் அதன் மேல் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டிய சிமென்டைச் சோதிக்காமல் எந்தப் பொறியாளரும் தொடமாட்டார். ஆகவே அதில் 9 நாள் இயல்பு. மழைக்காலத்தில் கட்டட வேலை குறைந்து 20 நாளாகத் தெரிந்தால் அடுத்த லோடைத் தள்ளிவைக்க வேண்டும்.

பெயின்டுக்குச் சரக்கு இரண்டாம் நாளே வந்துவிடுகிறது. வாரம் ஒரு ஆர்டர். கலர் கலக்கும் இயந்திரம் இருப்பதால் எல்லா நிறத்தையும் அடுக்கி வைக்க வேண்டிய தேவையும் இல்லை. அப்படியானால் 90 நாள் எங்கிருந்து வந்தது? மாதக் கடைசியில் வரும் "டார்கெட்" சலுகையிலிருந்து. இந்த ஒரு கணக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

விற்பனைப் பிரதிநிதி வருகிறார். 6 லட்சத்துக்குக் கூடுதலாக எடுத்தால் 3 சதவீதம் தள்ளுபடி, 18,000 ரூபாய். இந்தக் கடையில் பெயின்டின் அடக்க விற்பனை நாளுக்குச் சராசரி 10,000 ரூபாய். 6 லட்சம் என்பது 60 நாள் சரக்கு. முதல் டப்பா இன்றே போகும், கடைசி டப்பா அறுபதாம் நாள் போகும். சராசரியாக 30 நாள் நிற்கிறது. வட்டி மாதம் 1 சதவீதம் என்றால் 6,000 ரூபாய். தள்ளுபடி 18,000. வாங்கலாம் என்று தோன்றும். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் மனக்கணக்குப் போட்டிருக்கிறார்.

இந்தக் கணக்கு, கடையில் ஏற்கெனவே பெயின்ட் இல்லாதபோதுதான் சரி. 90 நாள் சரக்கு உள்ளே நிற்கிறதே! பழையது போன பிறகுதான் புதியதற்கு முறை வரும். (புதியதை முன்னால் விற்றால் பழையது அதே அளவு பின்னால் நிற்கும், வட்டிக்கு எல்லாம் ஒன்றுதான்.) ஆகவே காத்திருப்பு 90 நாள், அதன் மேல் சராசரி 30 நாள், மொத்தம் 120. வட்டி 24,000 ரூபாய். தள்ளுபடி 18,000. கையிலிருந்து 6,000 போகிறது. அதே சலுகையை 15 நாள் சரக்கு மட்டும் நிற்கும் கடைக்காரர் வாங்கினால் அவருக்கு 45 நாள் வட்டி, 9,000 ரூபாய்; பாதி லாபம். சலுகையில் குற்றமில்லை. சீட்டில் கையெழுத்துப் போடும் முன் அன்றைய நாள் கணக்கைப் பார்க்காததுதான் குற்றம்.

அன்றைய நாள் கணக்கு என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. டிசம்பர் 31 அன்று 16 லட்சம் பெயின்ட். ஆண்டுச் சராசரியான 10,000ஆல் வகுத்தால் 160 நாள் என்று வந்து பயமுறுத்தும். ஆனால் ஜனவரியில் பொங்கல் வரை மட்டும் பல லட்சம் போகும். ஆண்டுச் சராசரி கடந்த காலத்தை மதிப்பிட உதவும்; வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க, வரப்போகும் மாதங்களில் போன ஆண்டு எவ்வளவு விற்றது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் புது வேலை தொடங்கமாட்டார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

எண்ணை எப்போது நம்பக் கூடாது

மோசமான எண் வந்தால் எல்லாரும் சரிபார்ப்பார்கள். அளவுக்கு மீறி நல்ல எண் வந்தால்தான் நான் எழுந்து கிடங்குக்குப் போவேன். முக்கால் அங்குல எல்போவை விற்றுவிட்டு ஒரு அங்குலம் என்று பில் போட்டிருப்பார்கள். ஒன்று கணினியில் மைனஸில் நிற்கும். மற்றொன்று இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டும். கொள்முதல் பில் வரும் முன்பே விற்பனை ஏறியிருந்தாலும் மாத முடிவில் மைனஸ்தான். மைனஸ் இருப்பு சராசரியைக் குறைத்து, சுழற்சியை உயர்த்திக் காட்டும். குழுக் கணக்கைப் போடும் முன் மைனஸ் பொருட்களைப் பட்டியலிட்டுத் திருத்துங்கள்; மதிப்பு அதிகமுள்ள இருபது முப்பது பொருட்களைக் கையால் எண்ணுங்கள். அண்ணாச்சி கடையில் எண்ணியபோது, கட்டியாகிப் போன பதினோரு மூட்டை சிமென்ட் இன்னும் நல்ல சரக்காகக் கணக்கில் இருந்தது.

அந்த 2.30 லட்சம்

விற்காத வாஷ்பேசின் வகையறாவை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. வைத்திருந்தால் ஆண்டுக்கு 27,600 ரூபாய் வட்டி. உடைத்துத் தூக்கிப் போட்டாலோ, கணக்கில் தள்ளுபடி செய்தாலோ, சும்மா கொடுத்தாலோ ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(h) குறுக்கே வரும்: அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். 18 சதவீதம் என்றால் 41,400 ரூபாய். அடக்கத்துக்குக் கீழே என்றாலும் பில் போட்டு விற்றால் இந்தத் தொல்லை இல்லை.

வாடகை வீடுகள் கட்டும் ஒரு ஒப்பந்தக்காரர் மொத்தமாக 1.40 லட்சத்துக்குக் கேட்டார். 90 ஆயிரம் நஷ்டம் என்று அண்ணாச்சி இரண்டு வாரம் தூங்கவில்லை. பிறகு கொடுத்துவிட்டார். பணம் ஓ.டி.யில் போய் விழுந்தது. மேல் தட்டில் காலியான இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே ஒரு பிரதிநிதி புது மாடல் ஷவர்களின் படப் புத்தகத்தோடு வந்தார். "நாள் எத்தனை நிற்கிறது என்று தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பியதாகக் கேள்வி.